வெளியூரில் இருக்கும் அக்காவிடம் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறார். கிரையப் பத்திரத்தை கூரியரில் அனுப்பி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னால் போதாதா?

போதாது. பத்திரத்தில் கையெழுத்து இருப்பது பாதி வேலைதான். கையெழுத்துப் போட்டவர் சார்பதிவாளர் முன்னால் நேரில் நின்று, "இது என் கையெழுத்து, நான் எழுதிக்கொடுத்த பத்திரம்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே புகைப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கேட்பது இதைத்தான். அக்கா கோவையில் கையெழுத்துப் போட்டு, பத்திரம் மட்டும் மனை இருக்கும் தொண்டிக்கு வந்தால், அவர் பங்கை யாராலும் பதிய முடியாது.

இதில் ஒரு கெடுவும் உண்டு. கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். பலர் வெவ்வேறு நாளில் கையெழுத்திட்டிருந்தால் ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் அந்த நான்கு மாதம் தனித்தனியாக ஓடும். தாமதமானால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் வரை கேட்கலாம், அதற்கு மேல் இல்லை. "இப்போதைக்குக் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அக்காவிடம் சொல்வது அதனால்தான் தவறு.

அக்காவால் வர முடியாது என்றால் வழி ஒன்றுதான். அவர் தன் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் அதிகாரப் பத்திரம், அதாவது பவர், எழுதிப் பதிந்து, அந்த அசலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். கூரியரில் வரவேண்டிய காகிதம் அதுதான். கிரையப் பத்திரத்தில் அவர் சார்பாக நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள்.

நோட்டரியிடம் பவர் எழுதினால் செலவு குறைவு என்கிறார்களே?

நிலம், வீடு சம்பந்தமான பவர் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிவாக வேண்டும். இந்தியாவில் குடியிருப்பவர் கொடுக்கும் பவரை வைத்து நீங்கள் பதிவுக்குப் போனால், அது அவர் வசிக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன்னால் எழுதப்பட்டு அவரால் உறுதி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் உள்ள பவரோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்காவையும் இரண்டாம் முறை அலைய வைத்ததாகிவிடும்.

பொதுப் பவரா, இந்த வேலைக்கு மட்டுமான பவரா? அக்கா தயங்குகிறார்.

தயங்குவது நியாயம். பொது அதிகாரம் என்று எழுதினால் விற்கலாம், அடமானம் வைக்கலாம், வாடகைக்கு விடலாம், வழக்குப் போடலாம் என்று பத்தி பத்தியாகப் போகும். ஒரு மனையை விற்பதற்கு அவ்வளவு அதிகாரம் தேவையில்லை. இந்தப் புல எண்ணில் உள்ள இந்த மனையை, இன்னாருக்கு, இவ்வளவு தொகைக்குக் குறையாமல் விற்கும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திடவும் அதைப் பதியவும் மட்டும் என்று தனி அதிகாரமாக எழுதச் சொல்லுங்கள்.

கூடவே ஒரு வரி சேர்த்தால் அக்காவின் பாதிக் கவலை போய்விடும்: கிரையத் தொகையில் அவர் பங்கை, வாங்குபவர் அக்காவின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்த வேண்டும். பணம் தம்பி கையில் வந்து அங்கிருந்து போவது என்ற ஏற்பாட்டைவிட இது இருவருக்குமே நல்லது. பின்னால் மச்சானோ பிள்ளைகளோ கேட்டால் காட்டுவதற்கு வங்கிக் கணக்கே இருக்கும்.

பவர் கொடுத்தபின் மனம் மாறினால் அக்கா அதை ரத்துப் பத்திரம் பதிந்து நீக்கலாம். இதையும் அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். மனையை வெளியாளுக்கு விற்கும்போது தம்பி, அக்காவின் முகவராக இருக்கலாம். ஆனால் அக்கா தன் பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்குத் தம்பியே முகவர் என்றால், கொடுப்பதும் வாங்குவதும் ஒரே ஆள் ஆகிவிடும். பாகப்பிரிவினையிலும் அதே சிக்கல். அங்கே சித்தப்பா மகன், தாய்மாமன் என்று ஆதாயம் இல்லாத ஒருவரை முகவராக்குங்கள். முடிந்தால் அக்காவையே வரச் சொல்லுங்கள். பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை, நேரில் வந்து, படித்துப் பார்த்து, தானே கையெழுத்துப் போடும் மரியாதை அவருக்கு உரியது என்பது என் கருத்து.

அக்காவிடம் எப்படிக் கேட்பது? சொன்னால் "சரி, பார்க்கலாம்" என்கிறார், நாள் ஓடுகிறது.

"சீக்கிரம் அனுப்புங்க" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும், எந்தத் தேதி, எவ்வளவு நேரம், யார் செலவு என்ற ஐந்தும் தெரிந்தால்தான் வேலைக்குப் போகிறவரோ, வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவரோ ஒரு நாளை ஒதுக்க முடியும்.

முதலில் தொலைபேசியில் அக்காவிடமே பேசுங்கள். மச்சானிடம் சொல்லி அனுப்புவது நம் பக்கம் வழக்கம்தான். ஆனால் சொத்தில் உரிமை அக்காவுக்கு, கையெழுத்தும் அவருடையது. அவரிடம் பேசிய பிறகு மச்சானிடமும் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம். பேசி முடித்த அன்றே எழுத்தில் அனுப்புங்கள். இப்படி இருக்கலாம்:

"அக்கா, தொண்டி மனை விஷயமா இன்னைக்குப் பேசினதை எழுதி அனுப்புறேன். கிரையம் ஜூன் 24. நீங்க வர வேண்டாம், எனக்கு ஒரு பவர் மட்டும் பதிஞ்சு அனுப்பினாப் போதும். இந்த ஒரு மனைக்கு மட்டும்தான் பவர். உங்க பங்குப் பணம் வாங்குறவர் உங்க கணக்கிலயே போடுவார்னு அதுல எழுதியிருக்கும். பவர் மாதிரியை மே 20க்குள்ள அனுப்புறேன். நீங்களும் மச்சானும் படிச்சுப் பார்த்து, திருத்தம் இருந்தா மே 25க்குள்ள சொல்லுங்க. ஜூன் 3 காலையில உங்க ஏரியா சார்பதிவாளர் ஆபீஸ்ல டோக்கன் போடச் சொல்றேன், அரை நாள் ஆகும். அந்த நாள் தோதுப்படலைன்னா இப்பவே சொல்லுங்க, மாத்திக்கலாம். ஆதார், பான் அசல் ரெண்டும், சாட்சிக்கு ரெண்டு பேர் அவங்க ஆதாரோட வேணும். பதிஞ்சு கையில வந்த பத்திரத்தை ஜூன் 5 ஸ்பீடு போஸ்ட்ல போடுங்க. எல்லாச் செலவும் என்னோடது, முன்னாடியே அனுப்பிடுறேன்."

இதில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. தேதியை மாற்றும் உரிமையும் அவர் கையில் இருக்கிறது. நாள் தோதுப்படவில்லை என்பதை மே மாதமே சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை. ஜூன் 2ஆம் தேதி இரவு சொன்னால்தான் சிக்கல்.

அந்தத் தேதிகளை எப்படி முடிவு செய்தீர்கள்?

கிரைய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி. கிரையம் ஜூன் 24 என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே பவர் அசல் உங்கள் கையில் இருக்க வேண்டும். பெயரிலோ புல எண்ணிலோ பிழை தெரியவந்தால், அக்கா திருத்தல் பத்திரம் பதிந்து மறுபடி அனுப்புவதற்கு அந்த இடைவெளிதான் கைகொடுக்கும். எனவே ஜூன் 12க்குள் வந்துவிட வேண்டும். கோவையில் ஜூன் 5 தபாலில் சேர்த்தால், நடுவே ஞாயிறு வந்தாலும் நேரம் தாராளம். ஜூன் 3 பதிவு என்றால் பத்திரம் கைக்கு வர இரண்டு நாள் இருக்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 26க்குள் நீங்கள் அனுப்பும் காகிதங்கள் அக்காவைச் சேர வேண்டும். அதற்கும் முன்னால் மாதிரி சரிபார்க்க ஐந்து நாள். ஆகவே முதல் தொலைபேசி மே 18.

இன்னொரு தேதி இருக்கிறது, பலர் மறப்பது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அத்தோடு முடிந்துவிடும். அதனால் நீங்கள் முகவராகப் பத்திரம் பதியும்போது, அக்கா உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் தந்த உயிர்வாழ் சான்றைக் கேட்பார்கள். அது பதிவு நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். கேட்பதற்குச் சங்கடமான காகிதம்தான். "ஆபீஸ்ல எல்லாருக்கும் கேட்கிற சான்று அக்கா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜூன் 3 அன்றே பதிவு முடிந்ததும் வாங்கி அதே உறையில் வைத்தால் ஜூன் 24க்குச் சரியாக இருக்கும். கிரையம் ஜூலை 3ஐத் தாண்டித் தள்ளிப்போனால் புதுச் சான்று வாங்க வேண்டும். பவர் அப்படியே செல்லும்.

முகூர்த்த நாள்களில் டோக்கன் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆடியில் கிரையம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் எல்லாம் ஆனிக் கடைசியில் வந்து குவிவார்கள். பவர் பதிய நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று அக்கா நினைக்கிறாரா என்பதை முதல் பேச்சிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து அக்காவுக்கு என்னென்ன அனுப்ப வேண்டும்?

அசல் தாய்ப்பத்திரத்தை அனுப்பவே அனுப்பாதீர்கள். அது கிரைய நாளன்று இங்கே தேவைப்படும். பட்டா நகல், அப்பாவின் இறப்புச் சான்று நகல், வாரிசுச் சான்று நகல், தாய்ப்பத்திர நகல், உங்கள் ஆதார் நகல், உங்கள் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் ஆகியவை போதும். பவரில் முகவரின் படமும் விவரமும் வரும். முகவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அங்குள்ள பத்திர எழுத்தர் சொன்னால், முத்திரைத் தாளில் அச்சடித்த பவரை முதலில் உங்களுக்கு வரவழைத்து, உங்கள் இடத்தில் மட்டும் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள். இது ஒரு சுற்றுத் தபாலைக் கூட்டும் என்பதால் மே 20க்குள்ளேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பவர் கட்டணம், வாங்கும் முகவர் என்ன உறவு என்பதைப் பொறுத்து மாறும். "உடன்பிறந்த தம்பி" என்று உறவைப் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றில் இருவர் பெயரும் இருப்பதால் அதுவே உறவுக்கு ஆதாரமாகும்.

மாதிரியில் எதை முக்கியமாகச் சரிபார்க்க வேண்டும்?

பெயரும் சொத்து விவரமும். மற்றவை எழுத்தருக்குப் பழக்கமான வாசகங்கள்தான்.

வாரிசுச் சான்றில் அக்காவுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் மச்சான் பெயரின் எழுத்து வந்திருக்கும். ஒன்றில் பாத்திமா, இன்னொன்றில் பாத்திமா பீவி. ஒன்றில் முத்துலட்சுமி, இன்னொன்றில் லட்சுமி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பதிவு அலுவலகத்துக்குத் தெரியாது. "முத்துலட்சுமி என்கிற லட்சுமி" என்று பவரிலேயே இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் கிரைய நாளில் நிம்மதி. அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆதார் படத்தையும் வாரிசுச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

சொத்து விவரத்தில் புல எண், உட்பிரிவு எண், பரப்பு, நான்கு எல்லை. பழைய பத்திரத்தில் இருந்த எண், பட்டாவில் உட்பிரிவாகி மாறியிருக்கலாம். அப்படியானால் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். நம் கடற்கரை ஊர்களில் எல்லை தனிக் கவனம் கேட்கும். நாற்பது வருடத்துக்கு முந்தைய பத்திரத்தில் "கிழக்கே இன்னார் தோப்பு" என்று இருக்கும், இன்று அங்கே தெரு ஓடும். கடல் பக்கம் புறம்போக்கு தொடங்கும் இடத்தைப் பட்டா, புல வரைபடம் இரண்டையும் பார்த்து எழுத வேண்டும், ஞாபகத்திலிருந்து அல்ல. பரப்பு ஒன்றில் சென்டிலும் இன்னொன்றில் சதுர அடியிலும் இருந்தால், ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 6 சென்ட் மனைக்கு 2,613 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். 2,400 என்று இருந்தால், எங்கோ ஒரு காகிதம் தவறு. அதைத் தீர்த்துவிட்டுத்தான் அக்காவை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

கையெழுத்துப் போடும்போது அக்கா என்ன கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே மாதிரிக் கையெழுத்து. பேனாவால் திருத்தம் செய்த இடத்தில் தனியாகக் கையெழுத்து. தேதி, தொகை, பெயர் எங்காவது காலியாக இருந்தால் அதை நிரப்பிய பிறகுதான் கையெழுத்து. "அப்புறம் நிரப்பிக்கலாம்" என்று யார் சொன்னாலும், தம்பியே சொன்னாலும், வெற்று முத்திரைத் தாளில் போடக் கூடாது.

வயல் வேலை, மீன் வேலை, பாத்திர வேலை பார்த்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்க மறுக்கும். அப்படி இருந்தால் டோக்கனைக் காலை நேரத்துக்கே போடச் சொல்லுங்கள், மறுபடி மறுபடி வைத்துப் பார்க்க நேரம் கிடைக்கும்.

அக்கா படுத்த படுக்கையாக இருந்தால் அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை. உடல் முடியாதவரின் வீட்டுக்குச் சார்பதிவாளரே வந்து பதிய சட்டத்தில் இடம் உண்டு. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்துத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் மேலே சொன்ன தேதிகளோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தபாலில் தொலைந்துவிட்டால்?

முன்னேற்பாடு எளிது. உறைக்குள் போடுமுன் எல்லாப் பக்கங்களையும், பின்பக்கப் பதிவு முத்திரைகள் உட்பட, அக்கா படம் எடுத்து அனுப்பட்டும். ஆவண எண்ணும் ஆண்டும் அதில் தெரிய வேண்டும். அந்த எண் இருந்தால் பதிவான அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். அதை வைத்துக் கிரையம் பதிய முடியுமா என்பதை ஜூன் 24 வரை காத்திராமல் இங்குள்ள சார்பதிவாளரிடம் உடனே கேளுங்கள். மறுத்தால் புதுப் பவருக்கு நேரம் வேண்டும்.

ஸ்பீடு போஸ்ட் ரசீதில் இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் IN என்று ஒரு கண்காணிப்பு எண் இருக்கும். ரசீதின் படம் அன்றே உங்களுக்கு வர வேண்டும். தனியார் கூரியர் என்றால், நம் ஊருக்கு வீடுவரை கொண்டுவருகிறார்களா, இல்லை ராமநாதபுரத்திலேயே வைத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்களா என்று அனுப்பும் முன்பே விசாரியுங்கள். கடலோரக் கிராமங்களில் இரண்டாவதுதான் அதிகம். முகவரியில் தெரு, அஞ்சலக ஊர், பின்கோடு, உங்கள் இரண்டு தொலைபேசி எண்கள் எல்லாம் தேவை. கடலுக்குப் போகும் வீடு என்றால், பகலில் வீட்டில் இருப்பவரின் எண்ணைத் தாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்புவதானால் பத்திரத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிட்டு அப்புறம் காகித உறை. முத்திரைத் தாள் நனைந்தால் மை பரவிவிடும்.

தம்பி ஒருவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவருக்கும் இதே வழிதானா?

வழி அதே, வாசல் வேறு. வெளிநாட்டில் குடியிருப்பவர் இந்தியத் தூதரக அதிகாரி முன்போ, அங்குள்ள நோட்டரி முன்போ பவரில் கையெழுத்திட்டு உறுதி செய்யலாம். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு நான் தூதரக வழியைத்தான் சொல்வேன், இங்கே கேள்வி குறைவு. அந்தப் பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். வந்த நாளுக்கு ஆதாரம் கூரியர் உறையும் அதன் ரசீதும்தான். பத்திரத்தை எடுத்துக்கொண்டு உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள். தூதரகத்தில் முன்பதிவு நாள், தம்பியின் விடுப்பு, விமானத் தபால் எல்லாம் சேரும் என்பதால், அவருக்கு மார்ச் கடைசியிலேயே பேசத் தொடங்க வேண்டும்.

அக்கா ஆடி அமாவாசைக்கு எப்படியும் ஊருக்கு வருவார். அதுவரை பொறுக்கலாமா?

வாங்குபவர் பொறுப்பார் என்றால் பொறுங்கள், அதுதான் நல்லது. பவரும் வேண்டாம், உயிர்வாழ் சான்றும் வேண்டாம், கூரியரும் வேண்டாம். ஆனால் ஆடி அமாவாசை அன்றே டோக்கன் போடாதீர்கள். தேவிபட்டினமும் ராமேஸ்வரமும் திணறும் நாள் அது, மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறையும் விடுவார்கள். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும் அப்படித்தான். அடுத்த வேலைநாளுக்குப் போட்டுவிட்டு, அக்காவிடம் திரும்பும் பஸ் டிக்கெட்டை அதற்கு மறுநாள் இரவுக்கு எடுக்கச் சொல்லுங்கள். கணினி இணைப்புப் போய் ஒருநாள் தள்ளினாலும் அவர் ஊரில் இருப்பார்.

கிரையம் முடிந்த பிறகு அக்காவுக்கு என்ன அனுப்ப வேண்டும்?

பதிவான கிரையப் பத்திரத்தின் நகல் ஒன்றும், அவர் கணக்கில் பணம் ஏறியதைக் காட்டும் ரசீதும். மூன்று வாரம் கழித்து tnreginet.gov.in தளத்தில் அந்த மனைக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கிரையம் ஏறியிருக்கும். அதையும் அவருக்கு அனுப்புங்கள். தனி அதிகாரம் என்பதால் வேலை முடிந்ததும் பவரும் முடிந்தது. பொதுப் பவராக எழுதியிருந்தால், அதை ரத்து செய்யும் பத்திரத்தை அக்கா பதிந்துகொள்ளட்டும். அந்தச் செலவும் உங்களுடையதுதான்.